பேஸ்புக்கில் தேடியதை அழித்த பிறகும் பெயர் வருகிறதா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தது, சார்ஜ் ஏறாதது என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இடைக்கிடை ஒருவர் வந்து, கடையில் நிற்கிற மற்ற ஆட்கள் போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "தேடினத அழிச்சிட்டன். ஆனா திரும்பவும் வருகுது. என்ன செய்யிறது?"

போன மாதம் அப்படி வந்தவர் உவர்மலைப் பக்கத்து அக்கா ஒருவர். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். புரோக்கர் ஒரு பெயரையும் ஊரையும் சொல்லியிருக்கிறார். தங்கச்சியிடம் சொல்வதற்கு முன்னால் பையன் எப்படி என்று பார்த்துவிடலாம் என்று அக்கா நாலைந்து இரவு பேஸ்புக்கில் தேடியிருக்கிறார். வீட்டில் அந்த ஒரு போனைத்தான் இரண்டு பேரும் பாவிக்கிறார்கள். தேடல் பட்டியலை அக்கா அழித்துவிட்டார். ஆனால் தேடும் பெட்டியில் க என்று அடித்தவுடனே அந்தப் பையனின் படம் முதலாவதாக வந்து நிற்கிறது.

"அழிபடேல்லயா தம்பி?" என்று கேட்டார். அழிபட்டிருந்தது. ஆனால் அவர் அழித்தது ஓர் இடத்தில். பெயர் வந்தது வேறோர் இடத்திலிருந்து. இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் உங்கள் போனில் நடப்பது கீழே உள்ளவற்றில் எது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பேஸ்புக்கை வைத்தே சொல்கிறேன், இங்கே கூடுதலாகப் பாவிப்பது அதைத்தானே.

முதலில் ஒரு சின்னச் சோதனை

எதையும் அழிக்க முன்னம் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வைஃபையும் நின்றுவிட வேண்டும். இப்போது பேஸ்புக்கைத் திறந்து தேடும் பெட்டியைத் தொடுங்கள், பிறகு அந்த முதல் எழுத்தை அடியுங்கள். இந்த நிலையிலும் பெயர் வந்தால் அது போனுக்குள்ளேயே சேமிப்பில் கிடக்கிறது. வராமல் இருந்து, டேட்டாவைப் போட்டவுடன் வந்தால் அது பேஸ்புக்கின் சேர்வரிலிருந்து வருகிறது. பெயர் பட்டியலில் இல்லாமல் விசைப்பலகைக்கு மேலே உள்ள பட்டையில் வந்தால், அதற்கும் பேஸ்புக்குக்கும் சம்பந்தமே இல்லை.

அக்காவின் போனில் விமானப் பயன்முறையில் முகம் வரவில்லை. ஆனால் பெயர் மேல் பட்டையில் எழுத்தாக வந்தது. டேட்டாவைப் போட்டதும் முகமும் வந்தது. ஆக, இரண்டு வழியில் கசிகிறது.

அழித்த பெயர் "சமீபத்தியவை" பட்டியலிலேயே திரும்பி வருகிறது

பெட்டியைத் தொட்டதும், எழுத்து எதுவும் அடிக்க முன்னமே பழைய பெயர்கள் வரிசையாக வந்தால் இதுதான் உங்கள் பிரச்சினை. அநேகமாக ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை மட்டும் அழுத்தியிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் தெரிவது கடைசிச் சில தேடல்கள்தான். மேலே உள்ளதை எடுத்துவிட்டால் அதற்குக் கீழே இருந்த பழையது மேலே ஏறி வரும். அதைப் பார்க்கிறவருக்கு, அழித்தது திரும்பி வந்த மாதிரித் தெரியும்.

முழுப் பட்டியலும் கணக்கின் நடவடிக்கைப் பதிவில் இருக்கிறது. அங்கே போய் ஒரேயடியாக அழிப்பதுதான் சரி. ஆங்கில மெனுவில் வழி இது:

```
Settings & privacy > Activity log > Search history > Clear searches
```

சில பதிப்புகளில் `Search history` நேரடியாகத் தெரியாது. `Logged actions and other activity` என்பதைத் திறந்தால் உள்ளே இருக்கும். இதை டேட்டா நன்றாக ஓடும் நேரத்தில் செய்யுங்கள். பஸ்ஸில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் அழுத்தினால், திரையில் வெறுமையாகத் தெரியும், ஆனால் கட்டளை சேர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அடுத்த முறை திறந்ததும் எல்லாம் பழையபடி நிற்கும்.

அழித்த பிறகும் வந்தால் போனின் அமைப்புகளில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், பேஸ்புக்கைத் தெரிந்து, `Force stop` கொடுத்து, `Storage` உள்ளே `Clear cache` அழுத்துங்கள். பக்கத்திலேயே `Clear data` என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொட்டால் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். கடவுச்சொல் ஞாபகம் இல்லாமல் கடைக்கு வருகிறவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். ஐபோனில் கேஷை மட்டும் அழிக்கும் வசதி இந்த இடத்தில் இல்லை, செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.

மெசஞ்சரில் தேடியதற்குத் தனிப் பட்டியல் உண்டு. பேஸ்புக்கில் அழித்தால் அது போகாது, மெசஞ்சரைத் திறந்து அதன் தேடும் பெட்டியில் அழிக்க வேண்டும். அதேபோல ஒரே ஆள் கடைக்கென்று இன்னொரு புரொஃபைல் வைத்திருந்தால், எந்தப் புரொஃபைலில் இருந்து தேடினாரோ அதற்கு மாறிய பிறகே அழிக்க வேண்டும்.

பட்டியல் வெறுமை, ஆனால் ஓர் எழுத்து அடித்தவுடன் அந்த ஆள் வருகிறார்

அக்காவின் பிரச்சினை இதுதான். ஆட்களை அதிகம் குழப்புவதும் இதுதான்.

தேடும் பெட்டியில் எழுத்தை அடிக்க அடிக்க வருகிற பெயர்கள் உங்கள் பழைய தேடல்கள் அல்ல. அந்த நொடியில் பேஸ்புக் போடுகிற ஊகம் அது. க என்று தொடங்குகிற ஆட்கள் எத்தனையோ பேர் இருக்க, அவர்களில் நீங்கள் தேடக்கூடியவர் யார் என்று அது கணிக்கிறது. உங்கள் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், நீங்கள் இருக்கிற குழுக்கள், ஊர், நீங்கள் பேஸ்புக்கில் என்னென்ன செய்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணிப்புக்குள் போகிறது. தேடல் பட்டியலை அழிப்பது இந்தக் கணிப்பை அழிப்பதாகாது. அதை அழிக்க ஒரு பொத்தானும் கிடையாது.

எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியைப் பாருங்கள். பொதுவாக, கடிகாரக் குறி இருந்தால் அது நீங்கள் முன்பு தேடியது. பூதக்கண்ணாடிக் குறி இருந்தால் பேஸ்புக் தானாகச் சொல்வது. ஆட்களுக்கு இந்தக் குறிகள் இல்லாமல் முகப்படம் மட்டும் வந்தால் வேறு விதமாகச் சோதிக்க வேண்டும்: அந்த ஆளை ஒருநாளும் தேடாத, ஆனால் உங்களுக்கு நெருக்கமான ஒருவருடைய கணக்கில் அதே எழுத்துகளை அடித்துப் பாருங்கள்.

அன்று அதைத்தான் செய்தோம். அக்காவின் மச்சாள் அவருடன் வந்திருந்தார். அவருக்கு இந்தச் சம்பந்தம் பற்றி எதுவுமே தெரியாது, அந்தப் பையனைத் தேடியதும் இல்லை. அவருடைய போனில் க அடித்தேன், வரவில்லை. இரண்டாவது எழுத்தும் அடித்ததும் அதே பையன் மூன்றாவதாக வந்தார். பையனின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், மச்சாளுக்கும் அவருக்கும் பொது நண்பர்கள் 14 பேர். மூதூரிலும் தம்பலகாமத்திலும் உள்ள சொந்தக்காரர்கள். அக்காவுக்கும் அதே ஆட்கள்தான் நண்பர்கள். அதாவது அக்கா ஒருமுறைகூடத் தேடாமல் இருந்திருந்தாலும் அந்தப் பெயர் எங்கோ ஓரிடத்தில் வந்திருக்கும். நாலைந்து இரவு அவருடைய பக்கத்தைத் திறந்து படம் பார்த்ததால் முதலாவது இடத்துக்கு ஏறியிருக்கலாம். அந்த ஏற்றத்தைத் தேடல் பட்டியலை அழிப்பது இறக்கவில்லை.

செய்யக்கூடியது குறைவுதான், ஆனால் இருக்கிறது. அந்த ஆளின் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்காமல் விட்டால் நாளடைவில் கீழே இறங்கும். சோதித்துப் பார்க்கிறேன் என்று தினமும் க அடித்து அந்த முகத்தைத் தொட்டுத் திறந்தால், மறுபடி மேலே ஏற்றுகிறவர் நீங்கள்தான். முற்றாகத் தெரியக்கூடாது என்றால் பிளொக் செய்ய வேண்டும், பிளொக் செய்தவர் உங்கள் தேடலில் வரமாட்டார். ஆனால் கலியாணம் பேசுகிற இடத்தில் அது சரிவராது. நாளைக்கு அந்த வீட்டார் அக்காவைத் தேடி, ஆளே இல்லை என்று கண்டால் வேறு கதையாகிவிடும். அதனால் அக்காவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

பெயர் விசைப்பலகையின் மேல் பட்டையில் வருகிறது

இது பேஸ்புக்குக்கு வெளியே உள்ளது. பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் இருப்பது ஜீபோர்ட். நீங்கள் திரும்பத் திரும்ப அடிக்கிற சொற்களை அது படித்து வைத்துக்கொள்ளும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உதவியானது, ஆனால் அது படித்த பெயர் வாட்சப்பில் அடிக்கும்போதும் வரும், குறிப்பு எழுதும்போதும் வரும். இதில் தங்கச்சி கண்ணில் பட வாய்ப்பு பேஸ்புக்கை விட அதிகம்.

ஒரு பெயரை மட்டும் எடுக்க, பட்டையில் அது வரும்போது விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். குப்பைத்தொட்டிப் படம் வரும், அங்கே இழுத்து விடுங்கள். எல்லாவற்றையும் எடுக்க ஜீபோர்ட் அமைப்பில் `Privacy` உள்ளே `Delete learned words and data` இருக்கிறது. அது ஓர் இலக்கத்தைக் காட்டி, அதை அடித்து உறுதிசெய்யச் சொல்லும். அப்படி அழித்தால் வீட்டார் பெயர், ஊர்ப் பெயர் என்று அது பழகி வைத்த எல்லாமே போகும். ஒரு பெயருக்காக அவ்வளவும் வேண்டாம் என்பது என் எண்ணம். அக்காவின் போனில் அந்தப் பெயரை மட்டும் எடுத்தோம், தமிழில் ஒன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றுமாக இரண்டு தரம்.

பேஸ்புக்கை கணினியில் குரோம் வழியாகப் பாவிக்கிறவர்களுக்கு, பெட்டிகளுக்குக் கீழே உலாவி தானே நினைவு வைத்த சொல் வரலாம். அம்புக்குறியால் அதைத் தெரிந்து `Shift` உடன் `Delete` அழுத்தினால் போய்விடும்.

நான் தேடாத பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன

இதை மட்டும் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். `Search history` இல் ஒவ்வொரு தேடலும் நாள்வாரியாக இருக்கும். நீங்கள் நித்திரையில் இருந்த நேரத்தில் தேடல் நடந்திருந்தால், உங்கள் போனை வீட்டில் வேறு யாரும் எடுக்கவில்லை என்றால், கணக்கு வேறு போனிலும் திறந்திருக்கலாம். விற்ற பழைய போனாக இருக்கலாம், கட்டாரில் இருக்கிற தம்பிக்கு ஒருமுறை திறந்து கொடுத்ததாக இருக்கலாம். `Accounts Centre` உள்ளே `Password and security`, அதனுள் `Where you're logged in` என்பதைப் பாருங்கள். தெரியாத போனை வெளியேற்றிவிட்டு, உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இந்த ஒழுங்கில் செய்யாமல் முதலில் பட்டியலை அழித்தால், யார் எப்போது தேடினார் என்ற தடயத்தை நீங்களே அழித்தவர் ஆகிவிடுவீர்கள்.

உண்மையில் அழிந்துவிட்டதா?

அக்கா கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "அப்ப இனி ஒருத்தராலயும் பாக்க ஏலாதா?"

போனைக் கையில் எடுக்கிற ஆள் பார்க்க ஏலாது. உங்கள் நண்பர்கள் எப்போதுமே பார்க்க முடியாது, தேடல் வரலாறு உங்கள் கணக்குக்குள் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தேடப்பட்ட ஆளுக்கும் உங்களைத் தேடினார்கள் என்று அறிவித்தல் போகாது.

ஆனால் நிறுவனத்தின் பக்கம் கதை வேறு. பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா தன் தனியுரிமைக் கொள்கையிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது: தேடியதை உங்கள் வரலாற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம், ஆனால் அந்தத் தேடலின் பதிவு நீக்கப்படுவது 6 மாதத்துக்குப் பிறகு. அதாவது `Clear searches` அழுத்தும்போது போவது நீங்கள் பார்க்கக்கூடிய பிரதி. சேர்வர் தன் வேலைக்காக எழுதி வைக்கிற குறிப்பு தன்பாட்டில் இருந்து, தன் தவணையில் போகும். அதை விரைவுபடுத்த உங்களிடம் பொத்தான் இல்லை, போய்விட்டதா என்று வெளியிலிருந்து பார்க்க வழியும் இல்லை. இதை மறைத்து "எல்லாம் அழிஞ்சிட்டு, பயப்படாதீங்கோ" என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவருக்கு அது பெரிய கவலையாக இருக்கவில்லை, அவருடைய பயம் தங்கச்சியைப் பற்றியதே.

உங்கள் பிரதி முழுதாகப் போய்விட்டதா என்பதை நீங்களே உறுதிசெய்யலாம். `Accounts Centre` இல் `Your information and permissions` உள்ளே உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்காமல் தேடல் வரலாற்றை மட்டும் தெரிந்து, காலத்தை `All time` ஆக வைத்துக் கேளுங்கள். கோப்பு தயாரானதும் அறிவித்தல் வரும்.

இங்கே தமிழில் தேடுகிறவர்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. வடிவத்தை `JSON` என்று கொடுத்தால், கோப்பில் தமிழ் தமிழாக இருக்காது. "கடை" என்று தேடியிருந்தால் அதற்குள் இப்படி இருக்கும்:

```
\u00e0\u00ae\u0095\u00e0\u00ae\u009f\u00e0\u00af\u0088
```

ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று துண்டாக உடைந்து, `\u00e0\u00ae` அல்லது `\u00e0\u00af` என்று தொடங்கும். இதற்குள் தமிழ்ப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு "இல்லை, அழிஞ்சிட்டு" என்று நிம்மதியாகப் போனவர்களை எனக்குத் தெரியும். பெயர் அங்கேதான் இருந்தது. கேட்கும்போதே `HTML` வடிவத்தைத் தெரிந்தால் இந்தச் சிக்கல் இல்லை, உலாவியில் திறந்து அப்படியே வாசிக்கலாம். ஏற்கனவே `JSON` எடுத்துவிட்டீர்கள் என்றால், பைத்தன் உள்ள கணினியில் இது போதும்:

```
s = "\u00e0\u00ae\u0095\u00e0\u00ae\u009f\u00e0\u00af\u0088"
print(s.encode("latin-1").decode("utf-8"))
```

அது "கடை" என்று காட்டும்.

பார்த்து முடிந்ததும் அந்தக் கோப்பை அழியுங்கள். நீங்கள் மறைக்க நினைத்த தேடல்களெல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டு, போனின் தரவிறக்கக் கோப்புறையில், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் கிடக்கும். அங்கிருந்து அழித்தாலும் பல போன்களில் குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சில நாள் தங்கும், அதையும் காலி செய்ய வேண்டும்.

இன்னொன்று. தேடுவது வெளியே தெரியாது என்றேன், ஆனால் தேடிப் போன இடத்தில் கை பட்டது தெரியும். தவறி நட்பு வேண்டுகோள் பொத்தானில் விரல் பட்டிருக்கும், பழைய படம் ஒன்றுக்கு லைக் விழுந்திருக்கும். தேடல் பட்டியலை எத்தனை தரம் அழித்தாலும் இவை அந்தந்த இடத்திலேயே நிற்கும். அதே `Activity log` இல் அனுப்பிய வேண்டுகோள்களையும் லைக்குகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

அக்காவுடன் சேர்ந்து அதையும் பார்த்தேன். வேண்டுகோள் எதுவும் போயிருக்கவில்லை. லைக் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போகையில் ஒன்று இருந்தது: பையன் கன்னியா வெந்நீரூற்றில் நின்று எடுத்த பழைய படம், இரவு 11:40. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். லைக்கை எடுத்துவிட்டோம். ஆனால் அதற்கான அறிவித்தல் பையனுக்கு அந்த இரவே போயிருக்கும், அதைத் திருப்பி எடுக்க வழியில்லை என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நானே தங்கச்சியிட்ட சொல்லிடுறன் தம்பி" என்று போனை வாங்கிக்கொண்டு போனார்.